பேக்கப் ஃபைல் வெளியே கிடந்தது: வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

வாசகர் கடிதம்

வணக்கம். வீடுகளுக்குப் பிளம்பிங், மின்வேலை ஆட்களை அனுப்பும் முன்பதிவு இணையதளம் ஒன்றை நானும் ஒரு கூட்டாளியும் நடத்துகிறோம். 6,400 வாடிக்கையாளர்கள். நான்கு நாட்களுக்கு முன் முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். சர்வர் மாற்றியபோது எடுத்த எங்கள் டேட்டாபேஸ் பேக்கப், கிளவுட் ஸ்டோரேஜில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி 41 நாட்களாகத் திறந்து கிடக்கிறது என்றார். ஐந்து வரிகளைப் படமெடுத்து அனுப்பியும் இருந்தார். ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டோம். பெயர், போன், முகவரி, பாஸ்வேர்ட், கார்டின் கடைசி நான்கு இலக்கம், முன்பதிவு விவரம் எல்லாம் அதில் உண்டு.

“பாஸ்வேர்ட் எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. யாரும் எடுத்ததாக ஆதாரமும் இல்லை. நாமாகச் சொல்லி ஏன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?” என்கிறார் கூட்டாளி. வக்கீல் தந்த வரைவு இது: “அண்மையில் எங்கள் அமைப்பில் தரவு சார்ந்த ஒரு நிகழ்வு கண்டறியப்பட்டது. சில வாடிக்கையாளர்களின் குறிப்பிட்ட தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். மிகுந்த முன்னெச்சரிக்கையின் பொருட்டு, தங்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். தங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மைக் கடமை.” இதை அப்படியே அனுப்பலாமா? விசாரணை முடிந்த பிறகு அனுப்பினால் போதாதா?

பதில்

அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் இந்த வரைவை அனுப்ப வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கடிதம் வந்ததும் அந்த பேக்கப் ஃபைலில் என்னென்ன எத்தனை இருக்கின்றன என்று எண்ணி அனுப்பச் சொல்லியிருந்தேன். உங்கள் டெவலப்பர் அனுப்பிய கணக்கை வைத்துத்தான் இந்தப் பதில். அந்தக் கணக்கில் நீங்களும் கூட்டாளியும் எதிர்பார்க்காத இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம் அவற்றைப் பொறுத்துத்தான் அமையும்.

நல்லவேளையாக, நீங்கள் ஃபைலை அழிக்கவில்லை. பொது அனுமதியை நீக்கியதோடு நிறுத்தியிருக்கிறீர்கள். பதற்றத்தில் பலர் முதலில் செய்வது டெலீட்தான். பிறகு எந்தெந்தத் தகவல் யார் யாருடையது போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். அதன் ஒரு பிரதியை, இருவர் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் பூட்டி வையுங்கள்.

“யாரும் எடுத்ததாக ஆதாரம் இல்லை”

உங்கள் கூட்டாளியிடம் முதலில் சொல்ல வேண்டியது, ஒருவர் எடுத்திருக்கிறார் என்பது. எடுத்ததால்தான் அவரால் ஐந்து வரிகளைப் படமெடுத்து அனுப்ப முடிந்தது. அவர் நல்லவராக இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். அவருக்கு நன்றி சொல்லி, எப்போது, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். தன்னிடம் உள்ள பிரதியை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி தரச் சொல்லுங்கள். மிரட்டும் தொனியில் வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பொதுவில் திறந்து கிடக்கும் சேமிப்பகங்களைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. அவர் கண்ணில் பட்டது அப்படி ஒரு தேடலில் என்றால், அதே தேடலை நடத்திய மற்றவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

அடுத்தது லாக். கிளவுட் ஸ்டோரேஜில் எந்த ஃபைலை யார் இறக்கினார்கள் என்ற பதிவு பெரும்பாலும் தானாக ஓடுவதில்லை, நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில்கூட இந்த லாக் ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். உங்கள் டெவலப்பரும் இயக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் “ஆதாரம் இல்லை” என்பதற்கு, பார்க்க ஏற்பாடே செய்யவில்லை என்றுதான் பொருள். வாசலில் கேமரா வைக்காதவர், திருடன் வந்ததாகக் கேமராவில் பதிவில்லை என்று சொல்வது போன்றது அது. வாடிக்கையாளரிடம் இதை உள்ளபடி சொல்லலாம். “அந்த 41 நாட்களில் யாரெல்லாம் இதை இறக்கினார்கள் என்று காட்டும் பதிவு எங்களிடம் இல்லை. ஆகவே வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டு நடக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.” இரண்டே வாக்கியம். படிப்பவருக்கு நிலைமை புரிந்துவிடும், நாளைக்கு எவரும் உங்களைப் பொய்யர் என்று சொல்லவும் வழியில்லை.

“பாஸ்வேர்ட் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது”

பாஸ்வேர்டை என்கிரிப்ட் செய்வதில்லை, ஹாஷ் செய்து வைப்பார்கள், அதாவது ஒரு கணக்கின் வழியே வேறொரு சரமாக மாற்றி வைப்பார்கள். ஹாஷிலிருந்து திரும்பப் பழைய சொல்லை எடுக்கச் சாவி எதுவும் கிடையாது. ஆனால் ஊகித்துப் பார்க்கலாம். ஒரு சொல்லை எடுத்து அதே முறையில் ஹாஷ் செய்து, பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அந்த ஊகம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது எந்த முறையில் ஹாஷ் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கேதான் உங்கள் கணக்கில் ஒரு சிக்கல்.

உங்கள் தளம் சில ஆண்டுகளுக்கு முன் பழைய எம்டி5 முறையிலிருந்து பிகிரிப்ட் முறைக்கு மாறியது. மாற்றம் எப்படி நடந்தது என்றால், யார் யார் உள்நுழைகிறார்களோ அவர்களுடைய பாஸ்வேர்ட் அப்போதே புதிய முறைக்கு மாறும். உள்நுழையாதவர்களுடையது பழையபடியே கிடக்கும். பலரும் இப்படித்தான் மாற்றுகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். பேக்கப்பை வேறோர் இடத்தில் மீட்டெடுத்து உங்கள் டெவலப்பர் ஓட்டிய கேள்வி இது:

```sql
SELECT CASE WHEN password LIKE '$2%' THEN 'bcrypt'
            WHEN LENGTH(password) = 32 THEN 'md5'
            ELSE 'other' END AS kind,
       COUNT(*)
FROM customers
GROUP BY kind;
```

பேக்கப்பில் மொத்தம் 7,130 வரிகள். அதில் 4,890 பிகிரிப்ட், 2,240 எம்டி5. இதை இன்றைய டேட்டாபேஸில் ஓட்டியிருந்தால் வேறு எண் வந்திருக்கும். வெளியே போனது அந்த நாளின் படம், ஆகவே எண்ண வேண்டியதும் அதைத்தான்.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். உங்கள் பட்டியலில் பல வரிகளில் `e10adc3949ba59abbe56e057f20f883e` என்ற ஒரே சரம் திரும்பத் திரும்ப வருகிறதாமே. அதை அப்படியே ஒரு தேடுபொறியில் ஒட்டிப் பாருங்கள். `123456` என்று விடை வரும். உடைக்கவே வேண்டாம், பார்த்துச் சொல்லிவிடலாம். அதைவிடக் கொஞ்சம் நல்ல பாஸ்வேர்ட் என்றாலும் பெரிய தடை இல்லை. ஆங்கிலச் சிறு எழுத்துகள் எட்டை வைத்து அமையக்கூடிய சேர்க்கைகள் ஏறத்தாழ 20,880 கோடி. விளையாட்டுக் கணினியில் இருக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 1,000 கோடி எம்டி5 ஊகங்கள் போடும் என்று குறைத்துப் பிடித்தாலும், அத்தனையையும் முடிக்க 21 நொடி போதும். பிகிரிப்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அமைந்தது, ஒவ்வொரு வரிக்கும் சால்ட் என்று தனியாகச் சேர்க்கும் ஒரு சரமும் உண்டு. அங்கே பலவீனமான சொற்கள் மட்டும் மெல்ல மெல்ல உடையும்.

ஆகவே 2,240 பேருக்கு எழுத வேண்டிய வாக்கியம், “உங்கள் பாஸ்வேர்ட் வெளியே தெரிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள்.” 4,890 பேருக்கு, “உங்கள் பாஸ்வேர்ட் எளிதில் படிக்க முடியாத வடிவில் இருந்தது. ஆனால் அது சிறியதாகவோ பலரும் வைப்பதாகவோ இருந்தால் கண்டுபிடித்துவிட முடியும்.” இருவரையும் ஒரே கடிதத்தில் போட்டு ‘பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்’ என்று மழுப்பினால், ஆபத்தில் இருப்பவர் அசட்டையாக இருப்பார், மற்றவர் வீணாகப் பயப்படுவார்.

யாரும் பார்க்காத அந்தக் குறிப்புப் பகுதி

எனக்கு இதில் மிகவும் கவலை தந்தது பாஸ்வேர்ட் அல்ல. முன்பதிவு செய்யும்போது ‘வேலையாளுக்குக் குறிப்பு’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அது ‘முன்பதிவு விவரம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துவிட்டது. 1,360 பேர் அதில் ஏதோ எழுதியிருக்கிறார்கள். மாதிரிக்கு உங்கள் டெவலப்பர் அனுப்பிய சில: “வெளிக் கதவு கோட் 4471.” “சாவி மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கும்.” “ஆறு மணி வரை வீட்டில் யாரும் இல்லை.” “பகலில் பாட்டி மட்டும்தான், மெதுவாகத் தட்டவும்.” இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன.

இதை எண்ண எந்தக் கேள்வியும் உதவாது, படித்துத்தான் ஆக வேண்டும். சாவி, கோட், பூட்டு என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருப்பார், இன்னொருவர் எழுத்துப் பிழையோடு எழுதியிருப்பார், மற்றொருவர் வெறும் நான்கு இலக்கத்தை மட்டும் போட்டிருப்பார். 1,360 குறிப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் அரை நாள் வேலை. நீங்கள் படித்து முடித்தபோது கதவு, சாவி, வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்ற வகையில் 212 பேர் தேறினார்கள்.

இந்த 212 பேருக்கு மின்னஞ்சல் போதாது, போன் செய்யுங்கள். அதுவும் பொதுக் கடிதத்துக்கு முன்னால், இன்றைக்கே. மூன்று பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு எழுபது அழைப்பு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

“வணக்கம், நாங்கள் இன்ன இணையதளத்திலிருந்து பேசுகிறோம். எங்கள் தவறால், நீங்கள் முன்பதிவில் எழுதிய குறிப்பும் முகவரியும் 41 நாட்கள் வெளியார் பார்க்கும்படி இருந்துவிட்டன. அந்தக் குறிப்பில் வீட்டுக் கதவு பற்றி எழுதியிருக்கிறீர்கள். கதவின் கோட் எண்ணை இன்றே மாற்றிவிடுங்கள், வெளியே வைக்கும் சாவியை எடுத்துவிடுங்கள். கோட் என்ன என்று எங்களிடம் சொல்ல வேண்டாம். உங்களிடம் எந்தத் தகவலும் கேட்க மாட்டோம். இந்த அழைப்பு உண்மைதானா என்று பார்க்க, எங்கள் தளத்தின் முகவரியை நீங்களே தட்டித் திறந்தால் முகப்பிலேயே அறிவிப்பு இருக்கும்.”

‘சொல்ல வேண்டாம்’ என்ற வரி முக்கியம். இல்லையென்றால் பாதிப் பேர் “4471தானே?” என்று சத்தமாகக் கேட்பார்கள். அழைப்பவரும் குறிப்பைப் போனில் படித்துக் காட்டக் கூடாது. எடுத்தது வாடிக்கையாளர்தானா என்று தெரியாது. மூன்று முறை முயன்றும் எடுக்காதவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் இதையே சுருக்கமாக, லிங்க் இல்லாமல் அனுப்புங்கள்.

காலக்கெடு

எந்தச் சட்டம் என்பதை உங்கள் அலுவலகம் இருக்கும் இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, பல சட்டங்கள் வாடிக்கையாளர் இருக்கும் இடத்தையும் பார்க்கும். அதை வக்கீல் இன்றே சரிபார்க்க வேண்டும். பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்பிடம் சொல்லச் சொல்கிறது. கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே பிரிவு விவரங்களைப் பகுதி பகுதியாகத் தரவும் இடம் கொடுக்கிறது. விசாரணை முடிய வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆபத்து அதிகம் என்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமின்றி, தெளிவான எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்பது அதன் 34ஆம் பிரிவு. என்கிரிப்ட் ஆகிப் படிக்கவே முடியாதபடி இருந்த தகவலுக்கு அங்கே விலக்கு உண்டு. கூட்டாளி எங்கோ இதைப் படித்திருக்கலாம். ஆனால் உங்கள் ஃபைலில் முகவரியும் கதவு கோடும் வெறும் எழுத்தாகவே இருந்தன, விலக்கு பொருந்தாது.

பேசாமல் இருந்துவிடலாம் என்ற யோசனைக்கு ஊபரின் கதையைச் சொல்லுங்கள். 2016இல் 5.7 கோடிப் பேரின் தகவல் போனதை, எடுத்தவர்களுக்கு 1,00,000 டாலர் கொடுத்து மறைத்தார்கள். 2017 நவம்பரில் வெளியே வந்தது. அமெரிக்க மாநிலங்களோடு 14.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று, அப்போதைய பாதுகாப்புத் தலைவர் 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பானார். உங்கள் விஷயத்தில் மறைக்கவும் முடியாது. வெளியே ஒருவருக்குத் தெரியும், அவரிடம் படமும் இருக்கிறது.

சைபர் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். தாமதமாகச் சொன்னால் இழப்பீட்டில் தகராறு வரும்.

வக்கீல் வரைவில் என்ன குறை

வக்கீலைக் குறை சொல்லவில்லை. அவர் வழக்கை மனதில் வைத்து எழுதுகிறார், வாசிப்பவரோ வீட்டுக் கதவை மனதில் வைத்துப் படிப்பார். “நிகழ்வு கண்டறியப்பட்டது” என்பதில் யார் என்ன செய்தார்கள் என்றே இல்லை. “சில வாடிக்கையாளர்கள்” என்று படிக்கும் ஒவ்வொருவரும், அந்தச் சிலரில் நான் இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வார். “முன்னெச்சரிக்கையின் பொருட்டு” என்றால் உண்மையில் ஆபத்து இல்லை, சும்மா சொல்கிறோம் என்று அர்த்தமாகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது சொல்லும் ஒரே வேலை பயனற்றது. உங்கள் தளத்தின் பாஸ்வேர்டை வாடிக்கையாளர் மாற்றத் தேவையே இல்லை, நீங்களே எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிட வேண்டும். அவர் மாற்ற வேண்டியது அதே பாஸ்வேர்டை வைத்திருக்கும் வேறு இடங்களில், முதலில் தன் மின்னஞ்சலில். மின்னஞ்சல் கைக்கு வந்துவிட்டால் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று அழுத்தியே மற்ற கணக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டியது, “இதில் உண்மைக்கு மாறானது ஏதாவது இருக்கிறதா, சட்டப்படி விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா?” என்று மட்டும். வாக்கியங்களை மென்மையாக்க அவரிடம் கொடுக்காதீர்கள். எம்டி5 குழுவினருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: உங்கள் முகவரியும் பாஸ்வேர்டும் வெளியே தெரிந்துள்ளன. இன்று செய்ய வேண்டியவை
>
> வணக்கம்.
>
> எங்கள் வாடிக்கையாளர் பட்டியலின் பேக்கப் ஃபைலை, இணையத்தில் யாரும் திறக்கக்கூடிய இடத்தில் தவறுதலாக வைத்துவிட்டோம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, 41 நாட்கள் அது அப்படியே இருந்தது. தவறு எங்களுடையது. மன்னியுங்கள்.
>
> ஒருவர் அதை இறக்கியிருக்கிறார், எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். வேறு யார் இறக்கினார்கள் என்று காட்டும் பதிவு எங்களிடம் இல்லை. ஆகவே மற்றவர்களிடமும் இருப்பதாகவே கொள்ளுங்கள்.
>
> அதில் இருந்த உங்கள் தகவல்: பெயர், மின்னஞ்சல், போன் நம்பர், வீட்டு முகவரி, எங்கள் தளத்தின் பாஸ்வேர்ட், முன்பதிவு தேதிகள், வேலையாளுக்கு நீங்கள் எழுதிய குறிப்புகள், கார்டின் கடைசி நான்கு இலக்கம். முழுக் கார்டு எண் அதில் இல்லை. நாங்கள் அதைச் சேமிப்பதே இல்லை. கார்டை நீங்கள் ரத்து செய்யத் தேவையில்லை.
>
> தயவுசெய்து இவற்றை இந்த வரிசையில் செய்யுங்கள்.
>
> 1. எங்கள் தளத்தில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை உங்கள் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால், அதை இன்றே மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். பிறகு வங்கி, கடை, சமூக ஊடகம் என்று அதே பாஸ்வேர்ட் உள்ள மற்ற இடங்களில் மாற்றுங்கள்.
>
> 2. குறிப்பில் கதவு கோடோ சாவி இருக்கும் இடமோ எழுதியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.
>
> 3. உங்கள் முகவரி, கடைசி முன்பதிவு, கார்டின் நான்கு இலக்கம் எல்லாம் சரியாகச் சொல்லி யாராவது போன் செய்தால், அதை வைத்து நம்பிவிடாதீர்கள். நாங்கள் ஓடிபி, பாஸ்வேர்ட், பணம் எதையும் போனில் கேட்க மாட்டோம்.
>
> எங்கள் தளத்தின் பழைய பாஸ்வேர்ட் இனி வேலை செய்யாது. அடுத்த முறை வரும்போது புதிதாக வைக்கச் சொல்லும். இந்தக் கடிதத்தில் லிங்க் எதுவும் இல்லை. எங்கள் முகவரியை நீங்களே தட்டித் திறங்கள், இதே அறிவிப்பு முகப்பில் இருக்கும்.

மூன்றுக்கு மேல் வேலை கொடுக்காதீர்கள். பத்து அறிவுரை எழுதினால் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். கடைசியில் நீங்கள் என்ன சரிசெய்தீர்கள் என்று மூன்று நான்கு வரி சேர்க்கலாம்: பொது அனுமதியை மூடியது, லாக்கை இயக்கியது, மின்னஞ்சல், எஸ்எம்எஸ் சேவைகளின் சாவிகளை மாற்றியது. “இனி ஒருபோதும் நடக்காது” என்று மட்டும் எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

அனுப்பும்போது நடக்கும் விபத்துகள்

கடிதம் போகும் முன், எல்லாப் பழைய பாஸ்வேர்டும் செல்லாததாகி, உள்நுழைந்தே இருக்கும் கணக்குகளும் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். பேக்கப்பில் அமைப்புகளுக்கான அட்டவணை ஒன்றும் இருந்தது என்றார் உங்கள் டெவலப்பர். மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பும் சேவைகளின் சாவிகள் அதில் இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் கடிதத்துக்குப் பின்னாலேயே, உங்கள் பெயரிலேயே, “இங்கே அழுத்தி பாஸ்வேர்டை மாற்றுங்கள்” என்று இன்னொரு கடிதம் போகலாம்.

வழக்கமாக ரசீது போகும் அதே முகவரியிலிருந்து அனுப்புங்கள். இதற்கென்று புதிய டொமைன் வாங்க வேண்டாம். 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ், சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் போனபோது `equifaxsecurity2017.com` என்று தனித் தளம் திறந்தது. சொற்களை இடம் மாற்றி `securityequifax2017.com` என்று ஒருவர் போலித் தளம் வைத்துக் காட்டினார். நிறுவனத்தின் சொந்த ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களை அந்தப் போலிக்கு அனுப்பியது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதால் தப்பித்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாகப் போக வேண்டும். அவசரத்தில் எல்லா முகவரியையும் ‘பெறுநர்’ பகுதியில் ஒட்டி அனுப்புவது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி நடப்பது. அது அப்படியே இரண்டாவது கசிவு. ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகும். எம்டி5 குழுவை முதலில் சில நூறுகளாகப் பிரித்து அனுப்புங்கள். வார இறுதிக்கு முந்தைய மாலையில் அனுப்பாதீர்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும் வேலைநாளின் காலையில் அனுப்புங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்று உங்களிடம் உள்ள 6,400 பேரின் பட்டியலை எடுத்து அனுப்பினால் தவறு. பேக்கப்பில் இருந்தது 7,130 பேர். அதில் 6,220 பேர் நடப்பு வாடிக்கையாளர்கள், 910 பேர் கணக்கை மூடிவிட்டுப் போனவர்கள். மூடிய கணக்கை நீங்கள் அழிக்கவில்லை, ‘மூடியது’ என்று குறித்து மட்டும் வைத்திருந்தீர்கள். பேக்கப்புக்குப் பிறகு சேர்ந்த 180 பேரின் தகவல் வெளியே போகவே இல்லை. அவர்களுக்கு ‘உங்கள் தகவல் அதில் இல்லை’ என்று ஒரு வரி போதும். அந்த 910 பேருக்கு எழுதத்தான் கூச்சமாக இருக்கும். “நீங்கள் கணக்கை மூடிய பிறகும் உங்கள் தகவலை நாங்கள் அழிக்காமல் வைத்திருந்தோம். அதனால் அதுவும் இதில் போயிற்று. இன்ன தேதிக்குள் அழித்துவிடுகிறோம்” என்று சேர்த்துவிடுங்கள். அவர்களில் பலரது மின்னஞ்சல் திரும்பி வரும். திரும்பியவற்றைக் குறித்துக்கொண்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எல்லோருக்கும் சொல்லி முடியும்வரை அந்த வரிகளை அழிக்காதீர்கள், பிறகு சொல்ல வழியே இருக்காது.

பதில் கேட்டு வருபவர்களுக்கு

முதல் நாள் வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: “என் கார்டு பாதுகாப்பாக இருக்கிறதா?”, “என்னைப் பற்றி என்ன இருந்தது, காட்டுங்கள்”, “என் கணக்கை அழித்துவிடுங்கள்.” முதலாவதுக்குப் பதில் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டாவதுக்கு, கேட்பவரைச் சரிபார்த்த பிறகு அவருடைய வரியை மட்டும் எடுத்துக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். சரிபார்க்கப் பெயரோ முகவரியோ கேட்பது உதவாது, அவைதான் வெளியே இருக்கின்றனவே. பதிவான போனுக்கோ மின்னஞ்சலுக்கோ நீங்களே அனுப்பும் ஒரு முறை எண்ணை உங்கள் தளத்திலேயே தட்டச் சொல்லுங்கள். போனில் கேட்காதீர்கள், கேட்க மாட்டோம் என்று இப்போதுதான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றாவதுக்கு “ஏன் போகிறீர்கள்” என்று கேட்காமல் அழித்து, அழித்த தேதியை எழுதி அனுப்புங்கள்.

பின்னால் ஏதாவது புதிதாகத் தெரியவந்தால், உதாரணமாக ஃபைலை வேறு யாரோ விற்பனைக்கு வைத்திருப்பது கண்ணில் பட்டால், இரண்டாவது கடிதம் போக வேண்டும். அதில் முதல் கடிதத்தின் எந்த வாக்கியம் இப்போது மாறுகிறது என்று அந்த வாக்கியத்தையே எடுத்துப் போட்டு, கீழே புதிய தகவலை எழுதுங்கள். முதல் கடிதத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடாமல், தேதியோடு இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருங்கள்.